ஏழாம் பக்கத்து அட்டவணையை எடுக்க மாட்டேன்: ஓர் ஆய்விதழின் ஆசிரியர் குழுவுக்குத் திறந்த மடல்

ஆசிரியர் குழுவினருக்கும் எங்கள் கட்டுரையைப் படித்த இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கும்,

போன வாரம் நீங்கள் அனுப்பிய திருத்தக் கடிதத்தின் மூன்றாவது குறிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஏழாம் பக்கத்தில் உள்ள அட்டவணை வாசகரைக் குழப்புகிறது, அதை நீக்கிவிட்டு, விடுபட்ட தரவுகளை மல்டிபிள் இம்ப்யூடேஷன் முறையில் நிரப்பினோம் என்று மெத்தட்ஸ் பகுதியில் ஒரு வரி எழுதினால் போதும், முடிவும் தெளிவாக நிற்கும் என்கிறீர்கள். மற்ற பதினொரு குறிப்புகளையும், ஒன்றில் மட்டும் எழுதும் விதத்தை மாற்றி, ஏற்றுக்கொண்டு திருத்திவிட்டேன். இதை மட்டும் செய்யப்போவதில்லை. ஏன் என்று உங்களுக்குத் தனியாக எழுதினேன், வந்த பதில் பழைய குறிப்பின் நகல். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். இதழின் பெயரை எழுதவில்லை, எழுத வேண்டிய தேவையும் இல்லை. நான் பார்த்தவரை இது ஓர் இதழின் பழக்கம் மட்டும் இல்லை.

இந்த ஆய்வில் புள்ளியியல் வேலை என்னுடையது. வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பி.பி. மாத்திரை எடுப்பவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தோம். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்ற குழுவுக்கு அதோடு மாதம் ஒருமுறை செவிலியர் போன் செய்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, தலைசுற்றல் ஏதும் உண்டா என்று விசாரிப்பார். ஆறாம் மாதத்தில் பி.பி.யின் மேல் அளவு எவ்வளவு என்பதுதான் முதன்மைக் கேள்வி. இந்தியாவில் 2018 ஏப்ரல் 1-லிருந்து, முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்த ஆய்வுகளை மட்டும்தான் நாட்டின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. ஏற்கிறது. நாங்களும் அப்படித்தான் பதிந்தோம். அதற்கு மேல், பகுப்பாய்வை எப்படிச் செய்வோம் என்ற விரிவான திட்டத்தை, ஆய்வுத் திட்டங்களைப் பதிந்து வைக்கும் ஓ.எஸ்.எஃப். இணையதளத்தில் தேதியோடு பூட்டி வைத்தோம். திட்டத்தின் மையமான வரி இது:

```
lm(sbp6 ~ arm + sbp0 + centre, data = d)
```

அதாவது ஆறாம் மாத அழுத்தம், குழு, தொடக்க அழுத்தம், நிலையம். அவ்வளவுதான். ஆறாம் மாதம் வராதவர்களை என்ன செய்வது என்பதற்குத் திட்டத்தில் ஒரே வாக்கியம்: அளவு உள்ளவர்களை மட்டும் வைத்துப் பகுப்பாய்வு செய்யப்படும். அந்த வாக்கியத்தை எழுதியது நான்தான், அப்போது நான் அதிகம் யோசிக்கவில்லை. இங்கே வந்து மாட்டிக்கொண்டதும் அதனால்தான்.

திட்டத்தை மெத்தட்ஸ் பகுதியாக மாற்றும் வேலையைப் பலரும் காலத்தை மாற்றும் வேலை என்று நினைக்கிறார்கள். “சராசரி எடுக்கப்படும்” என்பதை “சராசரி எடுக்கப்பட்டது” என்று ஆக்கினால் முடிந்தது. எங்கள் முதல் வரைவும் அப்படித்தான் வந்தது. உடன் எழுதியவர் ஒருவர் திட்டத்தை வெட்டி ஒட்டி, எதிர்காலத்தை எல்லாம் இறந்தகாலம் ஆக்கி ஒரே மாலையில் அனுப்பிவிட்டார். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் சில வாக்கியங்கள் பொய். யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை, வினைமுற்று மாறியதில் பொய் ஆனவை.

அப்புறம் நான் செய்தது இதுதான். திட்டத்தை இடது பக்கமும் வரைவை வலது பக்கமும் வைத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, நிலையங்களின் பதிவேடுகளையும் என் கணக்கீட்டு நிரலையும் பார்த்து, மூன்றில் ஒன்றைக் குறித்தேன்: சொன்னபடி நடந்தது, வேறு மாதிரி நடந்தது, நடக்கவே இல்லை. முதல் வகை மெத்தட்ஸில் அப்படியே போகும். இரண்டாவதை எழுத வராவிட்டாலும் எப்படியோ எழுதிவிடுவோம். மூன்றாவதுதான் ஆபத்து, ஏனென்றால் நடக்காத வேலைக்கு இறந்தகாலம் கிடையாது, எனவே அந்த வாக்கியம் வரைவிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். எங்கள் விஷயத்தில் அது மாத்திரை எண்ணிக்கை. மீந்த மாத்திரைகளை ஆறாம் மாதம் எண்ணி, எத்தனை சதவீதம் சாப்பிட்டார்கள் என்று கணக்கிடுவதாகத் திட்டத்தில் இரண்டாம் நிலைக் கேள்வியாக இருந்தது. காலி அட்டையைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சொன்னால் யார் கொண்டுவருகிறார்கள்? முதல் நிலையத்தில் முதல் மாதத்திலேயே அது நடக்காது என்று தெரிந்துவிட்டது, மற்ற இடங்களிலும் கைவிட்டோம். வரைவில் அது பற்றி ஒரு எழுத்து இல்லை. நான் சேர்க்கச் சொன்னபோது, இல்லாத தரவைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். பதிந்த திட்டத்தில் இருக்கிறது, கட்டுரையில் இல்லை என்றால், எண்ணிப் பார்த்துச் சாதகமாக வராததால் மறைத்தார்கள் என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது என்றேன். ஒரு வாக்கியம் சேர்த்தோம்.

இப்படி வரி வரியாக ஒப்பிட்டு வந்த நான்கு விஷயங்கள்தான் நீங்கள் நீக்கச் சொல்லும் அட்டவணை. ஒரு சின்ன இடைச்செருகல்: தமிழில் இந்த அட்டவணைக்குத் தலைப்பு வைக்கப் போய்ச் சிரிப்புதான் வந்தது. “திட்ட விலக்கம்” என்று எழுதினால் பள்ளிப் புத்தகத்து ஸ்டாண்டர்ட் டீவியேஷன் ஆகிவிடுகிறது, “முன்பதிவு” என்றால் ரயில் டிக்கெட். எனவே இந்த மடலில் நீட்டி, “திட்டத்திலிருந்து விலகியவை” என்றே எழுதுகிறேன்.

அட்டவணையில் ஒவ்வொரு விலகலுக்கும் ஐந்து பெட்டிகள். திட்டம் என்ன சொன்னது, உண்மையில் என்ன செய்தோம், ஏன், அந்த முடிவை எடுத்தபோது தரவில் எதை எல்லாம் பார்த்திருந்தோம், திட்டப்படியே செய்திருந்தால் விடை என்ன. குறிப்பாக நான்காவது பெட்டி தேவையற்ற தன்னிலை விளக்கம் என்று இரண்டாம் மதிப்பீட்டாளர் எழுதியிருக்கிறார். ஐயா அல்லது அம்மா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் இந்த அட்டவணையில் உயிர் இருப்பதே அந்தப் பெட்டியில்தான். மற்ற நான்கையும் ஒரு கெட்டிக்காரர் பிறகு யோசித்து நிரப்பிவிடலாம்.

எடுத்துக்காட்டாக, பி.பி. அளவை எடுங்கள். மூன்று முறை அளந்து இரண்டாவது, மூன்றாவது அளவுகளின் சராசரியை எடுப்பதாகத் திட்டம். ஒரு நிலையத்தில் முதல் ஆறு வாரம் இரண்டு முறைதான் அளந்திருக்கிறார்கள். படிவத்தில் மூன்றாவது கட்டம் காலியாக இருந்ததை நான் கவனித்தபோது 31 பேரின் தொடக்க அளவு போயிருந்தது. அவர்களுக்கு இரண்டாவது அளவை மட்டும் எடுத்தோம். அடுத்தடுத்து அளக்கும்போது பொதுவாக அழுத்தம் சற்று இறங்கும், எனவே இந்த 31 பேரின் தொடக்க அளவு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம். ஆனால் தொடக்க அளவு குலுக்கலுக்கு முன்னால் எடுத்தது, எந்தக் குழு என்று யாருக்கும் தெரியாத நேரம். அதனால் அது ஒரு குழுவுக்குச் சாதகமாகச் சாய வழியில்லை. நாங்கள் இந்த முடிவை எடுத்தபோது ஆறாம் மாத அளவு ஒன்றுகூட வந்திருக்கவில்லை. அந்த 31 பேரை விட்டுவிட்டுப் பார்த்தாலும் விடை அசையவில்லை. இவ்வளவையும் படித்த வாசகர் ‘சரி, இது பெரிய விஷயம் இல்லை’ என்று தானே முடிவு செய்து நகர்ந்துவிடலாம். ஆய்வில் சேர்த்தவர்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். குழுவுக்கு 120 என்று 240 பேரைத் திட்டமிட்டோம், 212-இல் நின்றோம். நிதிக்காலம் ஒருமுறை நீட்டித்து முடிந்துபோனது, நின்ற நாளை நாட்காட்டி தீர்மானித்தது, அன்றைக்குக் குழு வாரியாக எதையும் யாரும் திறந்திருக்கவில்லை. இந்தக் கடைசித் துண்டு இல்லாமல் 212 என்று மட்டும் எழுதினால், வேண்டிய விடை வந்ததும் நிறுத்தினார்களோ என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது.

நான்காவது விலகல்தான் நமக்குள் சண்டை.

ஒரு குழுவுக்கு 106 பேர். ஆறாம் மாதம் அளக்க வந்தவர்கள் போன் குழுவில் 97, வழக்கமான குழுவில் 82. அதாவது நின்றுபோனவர்கள் ஒன்பதும் இருபத்து நான்கும். காரணம் யோசித்தால் எளிது. மாதாமாதம் ஒருவர் போன் செய்து விசாரித்தால் ஆறாம் மாதம் வா என்றால் வருவார்கள். யாரும் கூப்பிடாதவர் ஏன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும்? இதைத் திட்டம் எழுதும்போதே நான் ஊகித்திருக்க வேண்டும், ஊகிக்கவில்லை. திட்டப்படி வந்தவர்களை மட்டும் வைத்துப் பார்த்தபோது போன் குழுவின் அழுத்தம் 3.6 மி.மீ. குறைவு, 95% நம்பக இடைவெளி 7.4 குறைவிலிருந்து 0.2 கூடுதல் வரை, p மதிப்பு 0.07.

இதைப் பார்த்த பிறகுதான், மறுபடியும் சொல்கிறேன், பார்த்த பிறகுதான், யார் விட்டுப்போனார்கள் என்று தோண்டினேன். நிலையங்களில் மூன்றாம் மாதமும் அளந்திருந்தார்கள், ஆனால் திட்டத்தில் அந்த அளவுக்கு வேலை கொடுக்கவில்லை. வழக்கமான குழுவில் நின்றுபோனவர்களுக்கு மூன்றாம் மாத அழுத்தம் கூடுதலாக இருந்தது. கட்டுப்பாடு இல்லாதவர்கள் வெளியேறிவிட்டார்கள், மிச்சம் இருந்தவர்களால் அந்தக் குழு இருப்பதைவிட நல்லதாகத் தெரிந்தது. எனவே மூன்றாம் மாத அளவையும் சேர்த்து மல்டிபிள் இம்ப்யூடேஷன் செய்தோம், அதாவது இல்லாத ஆறாம் மாத அளவுக்குப் பொருத்தமான மதிப்புகளைப் பலமுறை நிரப்பி, ஒவ்வொரு முறையும் கணக்கிட்டு, விடைகளை ஒன்றுசேர்ப்பது. இப்போது வித்தியாசம் 4.2, இடைவெளி 8.1 முதல் 0.3 வரை, முழுக்கக் குறைவின் பக்கம். p 0.04.

பாருங்கள், ஒரு முடிவால் பூஜ்யம் இடைவெளிக்கு உள்ளேயிருந்து வெளியே போய்விட்டது, அதாவது ‘வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம்’ என்பது ‘வித்தியாசம் உண்டு’ என்று ஆகிவிட்டது. அந்த முடிவை எப்போது எடுத்தோம் என்று மறைக்கச் சொல்கிறீர்கள்.

இரண்டாவது பகுப்பாய்வையே முடிவாகச் சொல்லலாம் என்று முதல் மதிப்பீட்டாளர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. இரண்டில் இரண்டாவது பகுப்பாய்வுதான் மேல் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அது நான் சொல்லும் காரணத்தை வாசகர் நம்பினால்தான் மேல். இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாம் மாத அளவைச் சேர்க்காமல், தொடக்க அளவையும் குழுவையும் நிலையத்தையும் மட்டும் வைத்து நிரப்பினால் விடை கிட்டத்தட்டப் பழைய 3.6 தான். அதில் ஆச்சரியமில்லை, அந்த மூன்றும் ஏற்கெனவே சமன்பாட்டில் இருக்கின்றன, அதே தகவலை வைத்து நிரப்பினால் புதிதாக எதுவும் வராது. ஆக, விடையை நகர்த்தியது மல்டிபிள் இம்ப்யூடேஷன் என்ற பெயர் இல்லை, மூன்றாம் மாத அளவைச் சேர்ப்பது என்று தரவைப் பார்த்தபின் நான் எடுத்த முடிவு. நீங்கள் பரிந்துரைத்த ஒற்றை வரியில் இது எங்கேயும் தெரியாது. நின்றுபோனவர்களின் அழுத்தம் மூன்றாம் மாதத்துக்குப் பிறகு வேறு திசையில் போயிருந்தால் இந்த நிரப்பலும் தவறுதான், அதையும் தரவை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் கட்டுரைச் சுருக்கத்தில் திட்டமிட்ட விடையை, அந்த 0.07-ஐ, முதலில் வைத்திருக்கிறேன், 4.2-ஐ அடுத்த வாக்கியத்தில், தரவைப் பார்த்தபின் செய்தது என்ற அடையாளத்தோடு.

இப்படி எழுதினால் ஆய்வு பலவீனமாகத் தெரியும் என்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. தெரியட்டும், பலவீனமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே இதழில் ஒரு விலகலும் இல்லாமல் வழவழவென்று வரும் கட்டுரைகள் எல்லாம் உண்மையில் விலகாதவையா? உளவியலில் இதை ஒரு குழு சோதித்துப் பார்த்திருக்கிறது. திட்டத்தை முன்கூட்டியே பதிந்ததற்கான முத்திரையோடு ஒரு முன்னணி உளவியல் இதழில் 2015 முதல் 2017 வரை வந்த 27 ஆய்வுகளை அவற்றின் திட்டத்தோடு வரி வரியாக ஒப்பிட்டார்கள், முடிவு 2021-இல் வெளியானது. அத்தனையிலும் ஏதாவது ஒரு விலகல் இருந்தது. எல்லா விலகலையும் சொன்னது ஒன்றே ஒன்று. மருத்துவத்திலும் கதை வேறில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் பென் கோல்டேகர் குழு 2015 அக்டோபரில் தொடங்கி, ஐந்து பெரிய மருத்துவ இதழ்களில் வந்த 67 சோதனைகளை எடுத்து, முன்பே சொன்ன கேள்விகளையும் கட்டுரையில் வந்த கேள்விகளையும் ஒப்பிட்டது. ஒன்பதுதான் சுத்தமாக இருந்தன. மீதி 58-க்கும் இதழ்களுக்குத் திருத்தக் கடிதம் அனுப்பினார்கள், 23 கடிதங்கள்தான் அச்சாயின. இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் ஆய்வாளர்கள்மீது கோபம் வரும் எனக்கு. இந்த முறை உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தபோது, அவர்களில் எத்தனை பேர் உண்மையை எழுதி அனுப்பி, ஆசிரியர் சொல்லி அழித்தார்களோ என்று தோன்றியது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்கிறேன். கட்டுரையை உங்கள் தளத்தில் ஏற்றும்போது, குலுக்கல் முறை ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் கன்சார்ட் பட்டியலை நிரப்பச் சொல்கிறீர்கள், நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவே விடுவதில்லை. அந்தப் பட்டியலில், ஆய்வு தொடங்கியபின் முறைகளில் செய்த முக்கியமான மாற்றங்களும் காரணங்களும் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று ஒரு கட்டம் உண்டு. 2010 பதிப்பிலேயே உண்டு, 2025 பதிப்பில் முன்பே திட்டமிடாத பகுப்பாய்வுகளையும் சேர்த்துக் கேட்கிறார்கள். நான் அதில் “பக்கம் 7” என்று எழுதினேன். உங்கள் அலுவலகம் அதைச் சரிபார்த்து டிக் செய்திருக்கிறது. அதே பக்கம் 7-ஐத்தான் நீக்கச் சொல்கிறீர்கள். நீக்கினால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதட்டும்?

கடைசியாக இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்ட வயது வாரியான பகுப்பாய்வு. அறுபதுக்கு மேல், கீழ் என்று பிரித்துப் பார்க்கச் சொன்னீர்கள், பார்த்தேன், தந்திருக்கிறேன், எதுவும் பெரிதாக இல்லை. ஆனால் அதை மெத்தட்ஸில் மற்றவற்றோடு கலந்து எழுதச் சொல்லும்போது, நாங்கள் முதலிலேயே திட்டமிட்டது போல ஆகிவிடுகிறது. மதிப்பீட்டின்போது கேட்கப்பட்டது என்று எழுதியிருக்கிறேன். அது உங்களைக் குறை சொல்வதற்காக இல்லை, அந்தக் கேள்வி எப்போது பிறந்தது என்பது அவ்வளவுதான்.

எனவே நான் கேட்பது இவை. ஏழாம் பக்கத்து அட்டவணையை ஐந்து பெட்டிகளோடும் கட்டுரைக்குள்ளேயே அச்சிடுங்கள், இணைப்புக் கோப்பில் தள்ளாதீர்கள். இடம்தான் பிரச்சினை என்றால் முதல் மூன்று விலகல்களையும் இணைப்புக்கு அனுப்ப ஒப்புக்கொள்கிறேன், விடையை மாற்றிய நான்காவது மட்டும் உள்ளே நிற்க வேண்டும். சுருக்கத்தில் திட்டமிட்ட விடை முதலில் இருக்கும் வரிசையை மாற்றாதீர்கள். திட்டத்தைப் பதிந்த கட்டுரைகளுக்கு மெத்தட்ஸ் பகுதியின் சொல்வரம்பில் இந்த அட்டவணையை எண்ணாமல் விடுங்கள், ஏனென்றால் இப்போது உள்ள விதிப்படி உண்மையைச் சொல்பவருக்குத்தான் சொற்கள் தீர்ந்துபோகின்றன. மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பும் அழைப்பிலேயே பூட்டிய திட்டத்தின் இணைப்பைக் கொடுங்கள். எங்கள் இரண்டு மதிப்பீட்டாளர்களும் அதைத் திறக்கவில்லை என்று அவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்து எனக்குத் தெரிகிறது, மாத்திரை எண்ணிக்கை எங்கே என்று இருவரும் கேட்கவே இல்லை.

திருத்திய பிரதியை வரும் வெள்ளிக்கிழமை உங்கள் தளத்தில் ஏற்றுகிறேன், அட்டவணை அதே பக்கத்தில் அப்படியே இருக்கும். உங்களால் அதை அச்சிட முடியாது என்றால் கட்டுரையை நிராகரியுங்கள், ஆனால் நிராகரிப்பதற்கான காரணம் அந்த அட்டவணைதான் என்று எழுத்தில் கொடுங்கள். அடுத்த இதழுக்கு அனுப்பும்போது அந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்புவேன்.

இப்படிக்கு,
அந்த ஆய்வின் புள்ளியியலாளர்